"எல்லாம் செய்யலாம்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்: அற்றோணிப் பவர் பற்றி ஒரு வாத்தியாரின் ஒப்புதல்



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் பிள்ளைகள், சகோதரங்கள் இருக்கிற வீட்டார் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். புல்மோட்டையிலிருந்து வந்து திரியாயில் பல வருடம் படிப்பித்தவன் நான். இந்த ஊரில் என்னை "சேர்" என்று கூப்பிடாத வீடு குறைவு. அந்த மரியாதையை வைத்து நான் செய்த ஒரு பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார். 1985 இல் ஊர் எரிந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. தகப்பன் இறந்த பிறகு மூன்று றூட் வீட்டுக் காணியும் இரண்டு ஏக்கர் வயலும் அவர் பெயருக்கு வந்தன. இரண்டுக்கும் உறுதி இருக்கிறது. வீட்டுக் காணி பற்றை மூடிக் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், நில அளவையாளரைப் பிடித்துப் புதுப் பிளான் கீற வேண்டும், வயலைப் பெரும்போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். தேவை அவ்வளவுதான். ஊரில் இருக்கிற சித்தப்பா மகன், அண்ணன் முறையானவர், "நான் பார்க்கிறன் தம்பி, ஒரு பவர் அனுப்பு" என்றார்.

பத்திரத்தின் பிரதி வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. நாலு பக்கம், முழுக்க இங்கிலீசு. "சேர், ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ, கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டார். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இது எல்லாரும் வைக்கிற வழமையான ஃபோம்தான் மகன், வை" என்று சொன்னேன். அவரும் அங்குள்ள நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் வைத்தார்.

முதல் வருடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேலி வந்தது, பிளான் வந்தது, குத்தகைக் காசும் போனது. இரண்டாம் வருடம் அந்த அண்ணனுக்கு உழவு இயந்திரக் கடன் கழுத்தை நெரித்தது. வீட்டுக் காணியில் பாதியை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கோயில் திருவிழாவுக்கு வந்த தங்கச்சி, தங்கள் காணிக்குள் யாரோ அத்திவாரம் வெட்டுவதைக் கண்ட பிறகுதான் கனடாவுக்கு விஷயம் தெரிந்தது.

தம்பி ஆத்திரத்தில் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில், "இனி உங்களுக்கு என்ர பவர் இல்லை" என்று எழுதினார். அதோடு முடிந்தது என்று நினைத்தார். பத்தொன்பது நாள் கழித்து மீதிப் பாதியும் இன்னொருவருக்குப் போனது.

"இது களவு" என்று எல்லாரும் சொன்னோம். சட்டத்தரணியிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "விற்கும் அதிகாரம் பத்திரத்தில் இருக்கிறதா?" அன்றைக்குத்தான் அந்த நாலு பக்கத்தையும் அகராதி வைத்து ஒழுங்காக வாசித்தேன். இருந்தது. விற்க, ஈடு வைக்க, குத்தகைக்குக் கொடுக்க, மாற்றீடு செய்ய, பிரிக்க, கடன் எடுக்க, வங்கிக் கணக்கை இயக்க, வழக்குப் பேச, வழக்கைச் சமாதானத்தில் முடிக்க, தனக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்க, எல்லாமே இருந்தன. கடைசியில், "அவர் செய்கிற எல்லாவற்றையும் நானே செய்ததாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி.

பற்றை வெட்டுவதற்குக் கேட்ட பவர் இது.

சட்டத்தரணி சொன்ன பதில் எங்களுக்குக் கசந்தது. பத்திரத்தில் விற்கும் அதிகாரம் தெளிவாக இருந்து, வாங்கியவர் உள்விவகாரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கியிருந்தால், அந்த விற்பனை காணிக்காரரைக் கட்டும். விற்றவர் காசை விழுங்கினார் என்பது காணிக்காரருக்கும் விற்றவருக்கும் இடையிலான கணக்கு. அதை அவரிடம்தான் வழக்குப் போட்டு வாங்க வேண்டும். கடனில் மூழ்கிய மனிசனிடம் எதை வாங்குவது?

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் காணி போவதற்குக் கள்ள உறுதி மட்டும் காரணம் இல்லை. ஒரு சின்ன வேலைக்கு முழு அதிகாரத்தையும் எழுதிக் கொடுக்கும் நம் பழக்கமும் காரணம். அந்தப் பத்திரம் உண்மையானது, கையெழுத்தும் உண்மையானது. அதனால்தான் அதை உடைப்பது கஷ்டம்.

*பவர் என்றால் என்ன?*

நாம் "பவர்" என்று சொல்வது அற்றோணித் தத்துவப் பத்திரம். இலங்கையில் இதற்கு 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 இல் அது திருத்தப்பட்டது. ஆகவே பழைய ஃபோமைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி நிரப்புகிற வேலை இனி வேண்டாம். இன்றைக்கு நடைமுறையில் உள்ள படிவத்தை நொத்தாரிசிடம் கேளுங்கள்.

பவர் கொடுப்பதால் காணி கைமாறுவதில்லை. உங்கள் கையெழுத்தை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கிறீர்கள். அவர் வைக்கும் கையெழுத்து உங்களுடையது. எந்தத் தாளில் வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்பதைப் பத்திரம் மட்டும்தான் சொல்லும். நீங்கள் போனில் சொன்னது, மனசில் நினைத்தது, ஊருக்குத் தெரிந்தது ஒன்றும் வாங்க வருகிறவனுக்குத் தெரியாது.

பத்திரத்தைக் கோடு எப்படி வாசிக்கும் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முகவர் சம்பந்தமான விஷயத்தில் நம் நாடு 1866 இலிருந்தே இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அந்தச் சட்டம் பவரை இறுக்கமாக வாசிக்கும். எழுதப்பட்ட அதிகாரம் மட்டும்தான் அதிகாரம். "பராமரிக்க" என்றால் அதற்குள் "விற்க" அடங்காது. "விற்க" என்றால் அதற்குள் "நன்கொடை கொடுக்க" அடங்காது. 1893 இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போன ஒரு வழக்கில், ஒரு கம்பனியின் முகவர் தன் பவரைக் காட்டிக் கடன் எடுத்திருந்தார். கடன் எடுக்கும் அதிகாரம் பத்திரத்தில் தெளிவாக இல்லை, பொதுவான சொற்களை இழுத்து நீட்டி அதை உண்டாக்க முடியாது என்று தீர்ப்பானது. கம்பனி தப்பியது.

ஆனால் என் மாணவருக்கு அந்த வழி இல்லை. ஏனென்றால் அவருடைய பத்திரத்தில் எல்லாமே தெளிவாக எழுதப்பட்டிருந்தன. இறுக்கமாக வாசிக்கும் சட்டம், குறைவாக எழுதியவனைத்தான் காப்பாற்றும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவனைக் காப்பாற்ற அதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

*என்ன எழுதியிருக்க வேண்டும்?*

பவர் இரண்டு வகை. ஒன்று பொதுப் பவர், மற்றது விசேட பவர். காணி பார்க்க, குத்தகைக்குக் கொடுக்க விசேட பவரே போதும். அந்தப் பிள்ளைக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இப்படி ஒரு பத்திரம்:

"கீழே அட்டவணையில் எல்லையோடு குறிக்கப்பட்ட இரண்டு காணிகள் சம்பந்தமாக மட்டும், பற்றை வெட்டி வேலி அடைக்கவும், நில அளவை செய்விக்கவும், வயலை ஒரு தடவைக்கு ஒரு வருடத்துக்கு மேற்படாமல் குத்தகைக்குக் கொடுக்கவும், அந்தக் காசை என்னுடைய இன்ன வங்கிக் கணக்கில் வைப்பிலிடவும் அதிகாரம் தருகிறேன். விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடை செய்யவோ, மாற்றீடு செய்யவோ, என் பெயரில் கடன் எடுக்கவோ அதிகாரம் இல்லை. தனக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்க அதிகாரம் இல்லை. இந்தத் தத்துவம் இன்ன திகதியோடு முடிவடையும்."

பத்து வரிகூட வராது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

அட்டவணை ஏன்? "எனக்குச் சொந்தமான எல்லா ஆதனமும்" என்று எழுதினால், நாளைக்கு உம்மாவின் பங்கோ அப்பாவின் பங்கோ உங்கள் பெயருக்கு வந்தால் அதுவும் இந்தப் பவருக்குள் விழும். உறுதி இலக்கம், பிளான் இலக்கம், நாலு எல்லை எழுதினால் அந்தத் துண்டோடு நிற்கும்.

"அதிகாரம் இல்லை" என்று ஏன் தனியாக எழுத வேண்டும்? எழுதாவிட்டாலும் இல்லைதான். ஆனால் வாங்க வருகிறவர், அவருடைய நொத்தாரிசு, வங்கிக்காரர் எல்லாரும் அந்த வரியைக் கண்ணால் காண்பார்கள். பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

வேறொருவரை நியமிக்கும் வரியை ஏன் வெட்ட வேண்டும்? நீங்கள் நம்பியது அண்ணனை. அந்த வரி இருந்தால் அண்ணன் கையெழுத்து வைத்து உங்கள் அதிகாரத்தை நீங்கள் முகமே காணாத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் பகுதியில் காணித் தரகர்கள் அதிகம் தேடுவது இந்த வரியைத்தான்.

திகதி ஏன்? வேலை முடிந்ததும் பத்திரத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது அலுமாரிக்குள் கிடக்கும். கஷ்டம் வருகிற நாளில் கண்ணில் படும்.

சரி, உண்மையிலேயே காணியை விற்கத்தான் வேண்டும் என்றால்? அப்போதும் விசேட பவர்தான். இந்தக் காணி, இந்த விலைக்குக் குறையாமல், காசு நேராக என் கணக்குக்கு, இத்தனை மாதத்துக்குள் என்று எழுதுங்கள்.

*ரத்துச் செய்வது எப்படி?*

என் மாணவரின் இரண்டாவது இழப்பு இங்கேதான் நடந்தது. கொடுத்த பவரைத் திருப்பி எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சொன்னது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பதிவில் அந்தப் பவர் உயிரோடு இருந்தது. மூலப் பத்திரமும் அண்ணன் கையில் இருந்தது. வாங்க வந்தவர் தேடிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. அவர் மேல் என்ன குற்றம் சொல்வது? அந்த இரண்டாவது விற்பனை இன்றைக்கும் வழக்கில் இழுபடுகிறது.

ஆகவே ரத்து என்றால் இத்தனையும் சேர்ந்ததுதான். முதலில், ரத்துப் பத்திரம் ஒன்றை எழுத்தில், நாட்டில் இருந்தால் நொத்தாரிசு முன், வெளிநாட்டில் இருந்தால் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். பவரின் இலக்கம், திகதி, அதை உறுதிப்படுத்தியவர் யார் என்ற விபரம் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, அதைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குக் கொடுத்துப் பழைய பதிவை ரத்துச் செய்விக்க வேண்டும். மூன்றாவது, ஒரு பிரதியைப் பவர் வைத்திருப்பவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். நாலாவது, அவர் உங்களுக்காகப் போய்வந்த இடங்களுக்கெல்லாம், வங்கி, பிரதேச செயலகம், நொத்தாரிசு எல்லாருக்கும், எழுத்தில் அறிவிக்க வேண்டும். பத்திரிகையிலும் வர்த்தமானியிலும் "என்னால் கொடுக்கப்பட்ட இன்ன இலக்கத் தத்துவம் ரத்து" என்று அறிவித்தல் வருவதைக் கண்டிருப்பீர்கள். காசுக்கு வேலையில்லாமல் போடுவதில்லை அது. "தெரியாமல் வாங்கினேன்" என்ற பேச்சுக்கு இடம் வைக்காமல் இருக்கத்தான்.

இன்னொரு கவசமும் உண்டு. காணிப் பதிவகத்தில் "கேவியற்" பதியலாம். இந்தக் காணி மேல் யாராவது ஏதாவது உறுதியைப் பதிய வந்தால் எனக்கு அறிவியுங்கள் என்று கேட்பதுதான் அது. சந்தேகம் வந்த அன்றைக்கே திருகோணமலைக்குப் போய் அதைப் பதிந்திருந்தால், தம்பிக்கு அத்திவாரத்தைக் கண்டபிறகு தெரிய வேண்டிய நிலை வராது.

ரத்து முன்னோக்கித்தான் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்கனவே அதிகாரத்துக்குள் முடிந்த விற்பனையை அது அழிக்காது. அதனால்தான் பிந்தக்கூடாது.

"ரத்துச் செய்ய முடியாத பவர்" என்றும் சிலர் எழுதி வாங்குவார்கள். வெறும் சொல்லால் அப்படி ஆகாது. ஆனால் நீங்கள் ஒருவரிடம் கடன் அல்லது முற்பணம் வாங்கி, அதற்கு ஈடாக அவருக்கே பவர் கொடுத்திருந்தால் கதை வேறு. அவருடைய காசு அதில் தொங்குகிறது, நினைத்தபடி திருப்பி எடுக்க முடியாது. காசு கொடுக்கிறவரே பவரும் கேட்டால் சட்டத்தரணியைக் காணாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

*மௌத்தும் பவரும்*

ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "அவர் மௌத்தானால் என்ன, பவர் என்னட்ட இருக்குத்தானே." இல்லை. கொடுத்தவர் கண்ணை மூடிய நிமிடத்தோடு பவரும் முடிந்தது. அதற்குப் பிறகு காணி வாரிசுகளுடையது. இறந்தவரின் பவரை வைத்து எழுதிய உறுதி நிற்காது. ஜனாஸா, மரணச் சடங்கு முடிந்த கையோடு அவசரமாக விற்க வருகிறவரிடம் வாங்காதீர்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரே பேசிப் பாருங்கள். இன்றைக்கு வீடியோ கோல் இருக்கிறது, சாட்டுச் சொல்ல முடியாது.

*வாங்குகிறவர்களுக்கு*

"உறுதி எழுத ஏலாது, பவர் எழுதித் தாறன், காசைத் தாங்கோ" என்று விற்கிறார்கள். வாங்கியவர் வீடும் கட்டிவிடுகிறார். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாற நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். பவர் உறுதி ஆகாது. இந்தியாவில் இதே பழக்கம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. 2011 இல் இந்திய உச்ச நீதிமன்றம், சூரஜ் லாம்ப் கம்பனி வழக்கில், பொதுப் பவர் மூலம் நடக்கும் விற்பனை சொத்துரிமையைத் தராது என்று தெளிவாகச் சொன்னது.

நம் பகுதியில் அனுமதிப்பத்திரக் காணிகள் நிறைய. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைச் சட்டத்துக்கு மாறாகக் கைமாற்றினால் அது வெறுமையானது. காணிக்காரரே விற்க முடியாததை அவருடைய பவர் வைத்திருப்பவர் எப்படி விற்பார்? இரவல் கையெழுத்துக்குச் சொந்தக் கையெழுத்தை விடக் கூடுதல் பலம் வராது.

*"எங்களில நம்பிக்கை இல்லையோ?"*

இதையெல்லாம் சொன்னால் வருகிற கேள்வி இதுதான். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பலர் முழுப் பவர் கொடுக்கிறார்கள். சொந்த அண்ணனிடம், மச்சானிடம், மாமாவிடம் "விற்க அதிகாரம் இல்லை" என்று எழுதிக் கொடுப்பது முகத்தை முறிக்கிற வேலையாகத் தெரிகிறது.

நான் மறுபக்கத்தையும் கண்டவன். அந்த அண்ணன் கெட்ட மனிசன் இல்லை. முதல் வருடம் வெயிலில் நின்று வேலி போட்டவர். கடன்காரன் வாசலில் நின்ற நாளில், கையில் அந்த நாலு பக்கம் இருந்தது. "பிறகு காசு கட்டிவிடலாம், தம்பி ஒன்றும் சொல்லமாட்டான்" என்று நினைத்திருப்பார். விற்கும் அதிகாரம் அவர் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அவர் கடன்காரராக மட்டும் இருந்திருப்பார். இன்றைக்கு ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாதவராக இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. போன வருடம் அவருடைய மகளின் கல்யாணத்துக்குத் தங்கச்சி வரவில்லை.

நேர்மையாகப் பார்க்கிறவருக்கும் இது ஆபத்துத்தான். முழுப் பவர் கையில் இருந்தால், வயல் நட்டப்பட்டாலும், குத்தகைக் காசு பிந்தினாலும், "என்ன செய்தாரோ" என்ற சந்தேகம் எழும். எல்லை எழுதிய பவர் இருந்தால், "எனக்குத் தந்த அதிகாரம் இவ்வளவுதான், அதற்குக் கணக்கு இந்தா" என்று சொல்லலாம். ஆகவே பவர் வாங்குகிறவர்களே, "விற்கிற அதிகாரம் எனக்கு வேண்டாம், அதை வெட்டிவிட்டு அனுப்பு" என்று நீங்களே சொல்லுங்கள். அதை விடப் பெரிய நாணயம் இல்லை.

கடைசியாக, என்னைப் போன்ற வாத்தியார்மாருக்கும், ஊரில் இங்கிலீசு தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது பத்திரத்தைக் கொண்டுவந்து "வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றால், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுங்கள். நேரம் இல்லை என்றால், "எனக்கு நேரம் இல்லை, நொத்தாரிசிடம் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுங்கள். "வழமையான ஃபோம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இரண்டு சொல் ஒரு பிள்ளையின் மூன்று றூட் காணியைக் கொண்டுபோனது. அதைச் சொன்ன வாய் என்னுடையது.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய பவர் ஏதும் கிடக்கிறதா? இன்றைக்கு இரவு எடுத்து ஒருதரம் வாசியுங்கள்.